கல்லாவுக்குப் பக்கத்தில் நான்கு எண்கள்

ஓட்டல் தொடங்க நினைக்கும் இளையவர்கள், வங்கிக்குப் போகும் முன் தங்கள் திட்ட அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் என்பதால் கேட்கிறார்கள். அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் பார்க்கிறேன். ஒரு பக்கத்தில் ஐந்தாண்டுக்கான விற்பனை முன்கணிப்பு இருக்கும். இன்னொரு பக்கத்தில் ‘கேபிஐ’ என்ற தலைப்பில் பதினைந்து இருபது வரிகள் இருக்கும். வாடிக்கையாளர் திருப்தி, இணையத்தில் கிடைக்கும் நட்சத்திரம், மறுபடி வருவோர் விகிதம், சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர், மேசை சுழற்சி என்று வரிசை நீளும். இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரு தொடர்பும் இருக்காது. இருபது வரியில் ஒன்று சரிந்தால் முன்கணிப்பில் எந்த வரி எத்தனை ரூபாய் குறையும் என்று கேட்டால் பதில் வராது.

கடை திறந்த பிறகு இதன் விளைவு தெரியும். இருபது எண்களை யாரும் எழுத மாட்டார்கள். முதல் மாதம் எழுதுவார்கள், இரண்டாம் மாதம் பாதியாகும், மூன்றாம் மாதம் கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்ப்பது மட்டுமே கணக்கு என்றாகிவிடும். ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். எண்கள் குறைவாக இருக்க வேண்டும். அந்த எண்களைப் பெருக்கியும் கழித்தும்தான் முன்கணிப்பே பிறந்திருக்க வேண்டும். முன்கணிப்பிலிருந்து எடுத்த எண்ணைத்தான் முன்கணிப்போடு ஒப்பிட முடியும்.

என் அக்கா மகன் திருச்சி தில்லை நகர்ப் பக்கம் சைவ ஓட்டல் வைக்கத் திட்டமிட்டபோது இதை அவனோடு உட்கார்ந்து செய்தோம். நாற்பது இருக்கை; காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலையும் இரவும் மறுபடி டிபன். அந்தக் கணக்கையே இங்கே விரிக்கிறேன். தொகைகள் அவனுடைய கடைக்குரியவை. உங்கள் ஊரில் வாடகையும் விலையும் வேறாக இருக்கும், ஆனால் வழி ஒன்றுதான்.

அவன் எழுதி வந்த தாளில் ‘மாத விற்பனை 8 லட்சம்’ என்று ஒரே வரி இருந்தது. இது எப்படி வந்தது என்று கேட்டேன். “பக்கத்துத் தெருக் கடைக்கு அவ்வளவு ஆகுதாம் மாமா” என்றான். அடுத்தவன் கல்லாவிலிருந்து வந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் கடையை நடத்த முடியாது. 8 லட்சம் வராமல் 7 லட்சம் வந்தால் குறைந்தது ஆளா, ஆள் சாப்பிட்ட அளவா என்று அது சொல்லாது. அதனால் அந்த வரியை அழித்துவிட்டு, வேளைவாரியாக அடியிலிருந்து கட்டினோம்.

நாற்பது இருக்கை காலையில் மூன்று தடவை நிரம்பும் என்றால் 120 பேர். மதியம் இரண்டு தடவை, 80 பேர். மாலையும் இரவும் சேர்த்து மூன்று தடவை, 120 பேர். ஒரு நாளுக்கு 320 தலை. காலையில் ஒருவர் சராசரியாக 70 ரூபாய்க்குச் சாப்பிடுவார், மதியம் 110, மாலை இரவில் 80. இவற்றைப் பெருக்கினால் காலை 8,400, மதியம் 8,800, மாலை இரவு 9,600. நாளொன்றுக்கு 26,800 ரூபாய். முப்பது நாளைக்கு 8,04,000. தலைக்குச் சராசரி 84 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. தொகை அவன் முதலில் எழுதிய எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் இப்போது அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

இந்தத் தொகைகளில் 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேரவில்லை. வாடிக்கையாளர் தருவது என்றாலும் அது அரசுக்குக் கட்ட வேண்டிய பணம். அதை விற்பனையில் சேர்த்தால் எல்லா விகிதமும் பார்வைக்கு நன்றாக இருந்து ஏமாற்றும். இந்த 5 விழுக்காட்டு முறையில் நாம் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே சரக்கை வரியோடு சேர்ந்த விலையிலேயே எழுத வேண்டும்.

செலவுக்கு வந்தோம். அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், பால், காய்கறி எல்லாம் சேர்ந்த சரக்குச் செலவு விற்பனையில் 36 விழுக்காடு. அவன் முதலில் 33 என்றுதான் வைத்திருந்தான். ஒவ்வொரு பண்டத்துக்கும் என்ன செலவாகும் என்று கணக்கிட்டுக் கண்ட எண் அது, கணக்கு சரிதான். ஆனால் கடையில் சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர்கள், கிளீனர்கள் என்று பதினான்கு பேர் மூன்று வேளையும் கடையிலேயே சாப்பிடுவார்கள். ஆளுக்கு 60 ரூபாய் சரக்கு என்றாலும் நாளுக்கு 840 ரூபாய், விற்பனையில் 3 விழுக்காடு. அதைச் சேர்த்துத்தான் 36.

சம்பளம் மாதம் 2,10,000. வணிகச் சிலிண்டர் நாளுக்கு ஒன்று, 1,900 ரூபாய் என்று வைத்து மாதம் 57,000. வாடகை 75,000, மின்சாரம் 25,000, சுத்தம் செய்யும் பொருள், பழுது, உரிமக் கட்டணம் போன்ற சில்லறைகள் 28,000. வங்கியில் 15 லட்சம், 11 விழுக்காடு வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 32,600. எல்லாம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 87,000 ரூபாய். முதலாளிக்கு என்று தனிச் சம்பளம் திட்டத்தில் இல்லை. அந்த 87,000-இல்தான் அவன் குடும்பமும் சாப்பிட வேண்டும், பழைய கிரைண்டரை மாற்றவும் சேர்க்க வேண்டும்.

எதைக் கண்காணிப்பது என்பது இதற்குப் பிறகுதான் வரும் கேள்வி. ஊர் வழக்கத்தையோ புத்தகத்தில் உள்ள பட்டியலையோ பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். திட்டத்தையே கேட்டால் அது சொல்லும். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியே பத்தில் ஒரு பங்கு கெடுத்துப் பார்க்க வேண்டும். மிச்சமாகும் 87,000 எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

வருவோர் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாத விற்பனையில் 80,000 குறையும். அவர்களுக்கான சரக்கும் எரிவாயுவும் மிஞ்சும் என்பதால் உண்மையான இழப்பு 46,000 அளவில் நிற்கும். தலைக்கு ஆகும் பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் விற்பனையில் அதே 80,000 போகும். ஆள் ஒரு வடையைக் குறைத்துக்கொண்டதால் குறைந்தது என்றால் வடைக்கான சரக்காவது மிஞ்சும். நாமே விலையைக் குறைத்ததால் குறைந்தது என்றால் 80,000-மும் முழுசாகப் போய்விடும். 87,000 ஏறத்தாழ காலியாகிவிடும். சரக்குச் செலவு பத்தில் ஒரு பங்கு ஏறினால், அதாவது 36 என்பது 39.6 ஆனால், 29,000 போகும். சம்பளம் ஏறினால் 21,000. அதற்கு அடுத்தது ஒரு பெரிய இறக்கம்: எரிவாயு 5,700, மின்சாரம் 2,500. வாடகை ஒப்பந்தத்தில் கட்டுண்டது, தவணை வங்கியில் கட்டுண்டது. அவற்றைத் தினமும் பார்த்து ஆகப்போவது எதுவும் இல்லை.

எண்கள் தாமாகவே தங்களைத் தேர்ந்துகொண்டன. வேளைவாரியாக வருவோர், வேளைவாரியாகத் தலைக்கு ஆகும் பில், சரக்குச் செலவு விகிதம், சம்பளச் செலவு விகிதம். இந்த நான்கு போதும். எரிவாயுவை மாதம் ஒருமுறை சிலிண்டர் எண்ணிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். நட்சத்திரமும் பின்தொடர்வோரும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அவை நன்றாக இருந்தால் அதன் பலன் முதல் எண்ணில் தலைகளாக வந்தே தீர வேண்டும். வராவிட்டால் அவற்றை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஒவ்வொரு எண்ணுக்கும் இலக்கு மட்டும் போதாது, ஆபத்துக் கோடும் வேண்டும். சரக்கும் எரிவாயுவும் விற்பனையோடு கூடிக் குறைபவை. இரண்டும் சேர்ந்து 43 விழுக்காடு. ஆக நூறு ரூபாய் விற்றால் 57 ரூபாய் மற்ற செலவுக்குக் கிடைக்கும். சம்பளம், வாடகை, மின்சாரம், சில்லறை, தவணை எல்லாம் 3,70,600. அதை 57 விழுக்காட்டால் வகுத்தால் மாதம் ஆறரை லட்சம், நாளுக்கு 21,700 ரூபாய். தலைக்கு 84 என்றால் 260 பேர். 320 வந்தால் திட்டம், 260-க்குக் கீழே போனால் கைப்பணம் கரையும். இந்த இரண்டையும் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

எண்ணைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அதை எப்படி அளப்பது என்று முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும். ஏனென்றால் தவறாக அளந்த எண் இல்லாத எண்ணைவிடக் கெடுதல்.

வருவோர் எண்ணிக்கையை பில் எண்ணிக்கையிலிருந்து எடுக்கக் கூடாது. ஒரு பில்லில் ஒருவரும் இருப்பார், ஐந்து பேர் கொண்ட குடும்பமும் இருக்கும். பில் போடும்போது தலை எண்ணிக்கையையும் பதியும் வசதி பில் மென்பொருள்களில் உண்டு. அவசரத்தில் கல்லாக்காரர் எல்லாவற்றுக்கும் ஒன்று என்று அழுத்திவிடுவார். அப்படியானால் தலைக்கு ஆகும் பில் 150 என்று காட்டும், நாம் மகிழ்ந்துபோவோம். மதியத்துக்கு ஒரு நல்ல சரிபார்ப்பு உண்டு. வாழையிலையில் பரிமாறும் கடையில் செலவான இலையை எண்ணினால் சாப்பிட்ட தலை தெரிந்துவிடும். காலையில் எத்தனை இலை நறுக்கி வைத்தோம், மூன்று மணிக்கு எத்தனை மீதி என்று பார்த்தால் போதும்.

சரக்குச் செலவைக் கொள்முதல் ரசீதிலிருந்து எடுப்பது அதைவிடப் பெரிய தவறு. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஒரு வாரம் இறங்கும், அடுத்த வாரம் இறங்காது. வாங்கியது வேறு, தீர்ந்தது வேறு. வாரம் ஒருமுறை, ஞாயிறு இரவு கடை அடைத்த பிறகு, சரக்கறையில் நிற்பதை எடைபோட்டு எழுத வேண்டும். ஆரம்ப இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் வருவதே அந்த வாரம் செலவான சரக்கு. எல்லாப் பொருளையும் எடைபோட வேண்டியதில்லை. அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, எண்ணெய், நெய், காபித்தூள், முந்திரி போல மதிப்பு மிகுந்த பத்துப் பன்னிரண்டு பொருளைச் சரியாக எடுத்து, மீதியைக் கண்ணளவில் எழுதினாலும் போதும். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே முறையில் எடுக்க வேண்டும்.

சம்பளத்தில் மாதச் சம்பளத்தை மட்டும் எழுதாமல், லீவு எடுத்தவருக்குப் பதிலாக வந்த நாள்கூலி ஆள், திருவிழாச் சமயத்தில் கொடுத்த கூடுதல் நேரப் படி ஆகியவற்றையும் அந்தந்த வாரத்திலேயே சேர்க்க வேண்டும். ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் செலவு அல்ல. அதைத் தனியே எழுத வேண்டும்.

கடை திறந்து மூன்றாம் மாதம் அவன் வந்தான். முகத்தில் தெளிவில்லை. “ஆள் வர்றாங்க மாமா. திட்டத்துல 320 போட்டோம், 316 வருது. ஆனா கையில ஒண்ணும் நிக்கல” என்றான். நாலு பேர்தானே குறைவு, அதனால் இப்படி ஆகுமா என்பது அவன் கேள்வி. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் விலைவாசியைக் குற்றம் சொல்லியிருப்போம், அல்லது ஆட்களைச் சந்தேகப்பட்டிருப்போம். வேளைவாரியாக எழுதிய நோட்டு இருந்ததால் அதைத் திறந்தோம்.

காலையில் 120 எதிர்பார்த்த இடத்தில் 140 பேர் வந்திருந்தார்கள், தலைக்கு 66 ரூபாய். மதியம் 80-க்குப் பதில் 58 பேர், தலைக்கு 108. மாலையும் இரவும் 118 பேர், தலைக்கு 78. நாள் விற்பனை 24,708 ரூபாய். திட்டத்தைவிட 2,092 ரூபாய் குறைவு. தலை எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்று குறைந்ததற்கு விற்பனை நூற்றுக்கு எட்டு குறைந்திருக்கிறது.

எந்த வேளையில் எவ்வளவு என்று பிரித்தோம். காலையில் 840 ரூபாய் கூடுதல். மாலை இரவில் 396 ரூபாய் குறைவு, அது பெரிதில்லை. மதியத்தில் மட்டும் 2,536 ரூபாய் குறைவு. காலையில் இட்லியும் காபியும் சாப்பிட வந்த இருபது பேர், மதியம் வராமல் போன இருபத்திரண்டு பேரை மொத்தக் கூட்டலில் மறைத்துவிட்டார்கள். தலை கணக்கில் ஒருவருக்கு ஒருவர் சரி. பணக் கணக்கில் காலை ஆள் 66, மதிய ஆள் 110. வேளைவாரியாக எழுது என்று நான் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

அடுத்து சரக்கு. அவன் கொள்முதலைப் பார்த்துவிட்டு, “சரக்கு 33-தான் மாமா, திட்டத்தை விடக் குறைவு” என்றான். ஒரு வாரத்தில் 58,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தான், வார விற்பனை 1,73,000, வகுத்தால் 33.5 விழுக்காடு. இருப்பு நோட்டைப் பார்த்தோம். வாரத் தொடக்கத்தில் 42,000 ரூபாய்ச் சரக்கு இருந்தது, முடிவில் 32,500 இருந்தது. ஆக அந்த வாரம் தீர்ந்தது 67,500 ரூபாய். விகிதம் 39. சரக்கறையிலிருந்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொருளைத் தின்றுவிட்டு, செலவு குறைந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

36 இருக்க வேண்டிய இடத்தில் 39 ஏன் வந்தது? வாரத்துக்கு 5,200 ரூபாய் அதிகம். அதற்கான விடை அடுப்படியில் இருந்தது. சரக்கு மாஸ்டர் திட்டத்தில் உள்ளபடி தினமும் எண்பது பேருக்குச் சோறும் சாம்பாரும் கூட்டும் பொரியலும் வைத்துக்கொண்டிருந்தார். வந்தது ஐம்பத்தெட்டுப் பேர். சோற்றில் கொஞ்சம் ஆட்களுக்குப் போகும். மீதி, நாளுக்கு ஏறத்தாழ பதினெட்டுப் பேர் சாப்பாடு வாளியில் போனது. ஒரு சாப்பாட்டுக்கு 40 ரூபாய்ச் சரக்கு என்றால் நாளுக்கு 720, வாரத்துக்கு 5,040. குறைந்த பணம் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே இருந்தது. யாரும் திருடவில்லை, மளிகைக் கடைக்காரர் எடையில் ஏமாற்றவில்லை. மதியக் கூட்டம் குறைந்த ஒரே காரணம் இரண்டு எண்களை ஒன்றாகக் கெடுத்தது.

மூன்றாவதாகச் சம்பளமும் ஏறித் தெரிந்தது. 26 விழுக்காடு 28-க்கு மேல் போயிருந்தது. யாருக்கும் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கவில்லை. விற்பனை குறைந்ததால் விகிதம் ஏறியது. விகிதத்தை மட்டும் பார்க்கிறவர் உடனே இரண்டு ஆளைக் குறைப்பார். சப்ளையர் குறைந்தால் இலை போட நேரமாகும், மதியக் கூட்டம் இன்னும் குறையும். சம்பள விகிதம் ஏறினால் முதலில் தொகை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொகை மாறாமல் விகிதம் மாறினால் நோய் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த மாதத்தில் மிஞ்சியது 24,500 ரூபாய் சொச்சம். திட்டத்தில் 87,000. ஆபத்துக் கோடு 260 என்று ஒட்டிவைத்திருந்தோமே, 316 பேர் வந்தும் ஏன் இப்படி என்று அவனுக்குக் குழப்பம். அந்த 260, தலைக்கு 84 ரூபாயும் சரக்கு 36-ம் இருந்தால்தான். இப்போது தலைக்கு 78, சரக்கு 39. அதே கணக்கை இந்த எண்களில் போட்டால் கோடு 295-க்கு ஏறிவிட்டது. சுவரில் ஒட்டிய தாள் 260 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு எண்களும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்று நகர்ந்தால் ஆபத்துக் கோட்டையும் மறுபடி போட வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்யாதவர், கோட்டுக்கு மேலே நிற்பதாக நினைத்துக்கொண்டே கீழே இறங்கிவிடுவார்.

எண்கள் இடத்தைக் காட்டின. காரணத்தை அவை சொல்லவில்லை. அதற்கு மதியம் பன்னிரண்டரைக்கு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. நின்றபோது தெரிந்தது. சுற்றிலும் இருக்கும் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் ஒரு மணிக்குச் சற்று முன்னே மொத்தமாக வருகிறார்கள். பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை பாதி இருக்கை காலி. பிறகு ஒரு மணி நேரம் இடமில்லை. சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக முடிக்க முப்பத்தைந்து நாற்பது நிமிடம் ஆகிறது. நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அறிமுகமில்லாதவர் பக்கத்தில் அமரத் தயங்குகிறார். ‘இரண்டு தடவை நிரம்பும்’ என்று தாளில் எழுதியது மூன்று மணி நேரத்தை வைத்து. கூட்டமோ ஒரு மணி நேரத்துக்குள் வந்து போகிறது. அந்த நேரத்தில் ஒன்றரைத் தடவை நிரம்புவதே கடினம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை ஒரு வாரம் எண்ணச் சொன்னேன். அவர்கள்தான் திட்டத்தில் இருந்தும் நோட்டில் இல்லாதவர்கள்.

அதற்கேற்பச் சில மாற்றங்கள் செய்தான். சோற்றை ஒரே உலையில் எண்பது பேருக்கு வைக்காமல் முதலில் நாற்பது பேருக்கு வைத்து, பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே இருக்கும் தலையைப் பார்த்து அடுத்த உலை வைப்பது. சீக்கிரம் போக வேண்டியவர்களுக்குத் தட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கொடுக்கும் மினி மீல்ஸ். நான்கு பேர் மேசைகளில் சிலவற்றை இருவர் மேசையாக்குவது. அலுவலகங்களுக்கு முன்பதிவில் பார்சல் சாப்பாடு.

பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தலை எண்ணிக்கையில் கலக்கக் கூடாது. பார்சல் இருக்கையை அடைக்காது, ஆனால் டப்பாவும் பையும் செலவு. உணவு விநியோகச் செயலி வழியே போனால் இன்னும் கவனம் வேண்டும். நூறு ரூபாய் ஆர்டரில் 25 ரூபாய் தரகு என்றால் கைக்கு வருவது 75. அந்தச் சாப்பாட்டின் சரக்கு 36 ரூபாய்தான், ஆனால் 75-க்கு 36 என்பது 48 விழுக்காடு. இதை நூறு ரூபாய் விற்பனை என்று எழுதினால் சரக்கு விகிதம் அழகாகத் தெரியும், கையில் பணம் நிற்காது. கைக்கு வரும் தொகையையே விற்பனையாக எழுத வேண்டும், தனி வரியில்.

மாற்றங்களைச் செய்ததோடு நிற்கவில்லை, முன்கணிப்பையும் திருத்தினோம். இதைப் பலர் செய்வதில்லை. வங்கிக்குக் கொடுத்த தாள் ஆயிற்றே என்று பழைய எண்ணையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் குறைகிறது குறைகிறது என்று மனம் நோவார்கள். புதுத் திட்டத்தில் காலை 135 பேர், 66 ரூபாய். மதியம் உட்கார்ந்து சாப்பிடுவோர் 62, 108 ரூபாய். நேரடிப் பார்சல் 15, 95 ரூபாய். மாலை இரவு 118 பேர், 78 ரூபாய். நாளுக்கு 26,200 ரூபாய் சொச்சம். வீணாவது நின்று சரக்கு 36-க்குத் திரும்பினால், பார்சல் டப்பாச் செலவும் போக மாதம் 72,000 மிஞ்சும். 87,000-ஐ விடக் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு எண்ணும் அவன் கண்ணால் பார்த்த கடையிலிருந்து வந்தது. இரண்டாவது கிளை பற்றிய பேச்சை அவனாகவே தள்ளிவைத்தான்.

இந்த எண்களை வைத்துக்கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. எந்த எண்ணையும் தனியாகப் பிடித்து ஆட்களை நெருக்கக் கூடாது. தலைக்கு ஆகும் பில்லைக் கூட்டு என்று சப்ளையரை விரட்டினால், கேட்காத வடையையும் இனிப்பையும் மேசையில் வைப்பார். இந்த மாதம் பில் ஏறும், அடுத்த மாதம் தலை குறையும். சரக்கைக் குறை என்று மாஸ்டரை விரட்டினால் சாம்பாரில் பருப்பு குறையும், சட்னியில் தேங்காய் குறையும். விகிதம் உடனே நன்றாகும். வாடிக்கையாளர் சண்டை போடாமல் நின்றுவிடுவார். பில் ஏறியபோதும் சரக்கு விகிதம் இறங்கியபோதும் பக்கத்திலேயே தலை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். தலை நிலையாக இருந்தால் மட்டுமே அது நல்ல செய்தி.

பருவத்தையும் மறக்கக் கூடாது. புரட்டாசியில் பலர் அசைவத்தை விடுவதால் சைவக் கடையில் கூட்டம் கூடும். சம்பளம் வந்த முதல் வாரமும் மாதக் கடைசி வாரமும் ஒன்றாக இராது. ஆகவே இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். மாதத்தின் முதல் வாரத்தைப் போன மாதத்தின் முதல் வாரத்தோடும், புரட்டாசியைப் போன புரட்டாசியோடும் வைத்துப் பார்க்க வேண்டும். முன்கணிப்பையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரே எண்ணாக எழுதாமல், மாதத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கி எழுதினால்தான் ஒப்பிடுவதற்கு அர்த்தம் இருக்கும்.

திட்டம் போடும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முன்கணிப்பு என்பது நாம் பிறரிடம் காட்டும் தாள் மட்டும் அல்ல. இத்தனை பேர் வருவார்கள், இவ்வளவுக்குச் சாப்பிடுவார்கள், இவ்வளவு சரக்கு தீரும் என்று கடை திறக்கும் முன் நாமே எழுதிவைத்த நம்பிக்கைகளின் கணக்கு அது. எந்த நம்பிக்கை பொய்த்தால் குடும்பத்தின் சோறு குறையுமோ, அந்த நம்பிக்கையைத்தான் தினமும் அளக்க வேண்டும். அது பொய்த்துவிட்டது என்று நோட்டு சொன்னால் மூன்றாம் மாதத்திலேயே ஒப்புக்கொண்டு தாளைத் திருத்த வேண்டும். அக்கா மகன் கடையில் மூன்றாம் மாதத்தில் திருத்த வேண்டியிருந்தது ஒரு மதிய வேளையும் ஒரு சோற்று உலையும்தான். அதையே ஆண்டு முடிவில் கண்டிருந்தால் மாதம் அறுபதாயிரத்துக்கு மேல் என்று கைவிட்டுப் போன பணத்துக்கு, இன்னொரு கடன் வாங்க வேண்டி வந்திருக்கும்.